கும்பலாக அனுப்பும் மெயில், ஒருவருக்கு எழுதியது போல இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் சிறு மென்பொருள் நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை. கேட்கிறவர்கள் மாறுகிறார்கள், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பேச்சு சுற்றிச் சுற்றிப் போகாமலிருக்க உதாரணமும் ஒன்றே ஒன்று: கடைகளுக்கு பில்லிங் புரோகிராம் விற்கும் நிறுவனம், மாவட்டம் முழுக்க சுமார் நானூறு கடைகள், வருகிற திங்கட்கிழமை புது வெர்ஷன். புது வெர்ஷனில் மூன்று மாற்றங்கள். பிரின்டர் அமைப்பை ஒவ்வொரு கடையும் மறுபடி ஒருமுறை தேர்வு செய்ய வேண்டும். கடை மூடும்போது பேக்கப் தானாக நடக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட கிளை வைத்திருப்பவர்கள் ஒரு கிளையிலிருந்தே மற்ற கிளையின் இருப்பைப் பார்க்கலாம்.

“பேரு போட்டுத்தான் அனுப்புறோம். பிறகும் டெம்ப்ளேட்டுன்னு பாத்த உடனே கண்டுபிடிச்சிருதாங்களே, எப்படி?”

பெயருக்குக் கீழே இருப்பது எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதால்தான். “அன்புள்ள செல்வின், எங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளரான உங்களுக்கு ஒரு மகிழ்ச்சியான செய்தி” என்று தொடங்கினால், அந்தப் பெயர் அச்சடித்த பத்திரிகையின் உறைமேல் பேனாவால் எழுதிய பெயர் மாதிரிதான். உள்ளே இருப்பது ஊருக்கெல்லாம் போனது என்று வாங்குகிறவருக்குத் தெரியும்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. கடிதத்தில் பெயரை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். மீதியில் ஒரு வாக்கியமாவது பக்கத்துக் கடைக்காரருக்குப் பொருந்தாமல் இருக்கிறதா? இருந்தால் அது அவருக்கு எழுதிய கடிதம். “உங்க கடையில மூணு இஞ்ச் ரோல் பிரின்டர், அதனால இதைச் செய்யணும்” என்ற ஒரு வரி, பெயரை நான்கு இடத்தில் போடுவதைவிட அதிக வேலை செய்யும். சொல்லப்போனால், நடுவில் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் பெரிய காட்டிக்கொடுப்பு. நேரில் பேசும்போது ஒருவரை யாரும் அப்படி மூச்சுக்கு மூச்சு கூப்பிட மாட்டோம்.

“எல்லா அட்ரஸையும் பிசிசியில போட்டு ஒரே அடியா அனுப்பினா என்ன குறை?”

பிசிசியில் எல்லாருக்கும் போவது ஒரே மெயில். அதில் ஆளுக்கு ஆள் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பெறுபவர் இடத்தில் அவர் முகவரியும் தெரியாது. “இது எனக்கு வந்ததா, வழி தவறி வந்ததா” என்ற சந்தேகம் அங்கேயே தொடங்கும். போதாததற்கு, அவசரத்தில் யாராவது பிசிசிக்குப் பதில் சிசியில் ஒட்டிவிட்டால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் நானூறு பேர் கையில் இருக்கும். அதில் போட்டி நிறுவனத்தின் ஏஜென்டும் ஒருவராக இருப்பார்.

“அப்ப மெயில் மெர்ஜ்னு சொல்றது என்ன? தனியா புரோகிராம் வாங்கணுமா?”

ஒரு பக்கம் ஷீட், வரிசைக்கு ஒரு கடை. இன்னொரு பக்கம் கடிதம், நடுவில் நிரப்ப வேண்டிய இடங்கள். இரண்டையும் சேர்த்து நானூறு தனித்தனி மெயிலாக அனுப்புவதுதான் மெயில் மெர்ஜ். வேர்டும் அவுட்லுக்கும் இருந்தால் அதிலேயே செய்யலாம். கூகுள் வொர்க்ஸ்பேஸின் சில திட்டங்களில் ஜிமெயிலுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது, கூகுள் ஷீட்டை நேரடியாக இணைக்கலாம். மாதாமாதம் அனுப்புகிறவர்களுக்குத் தனிச் சேவைகள் உண்டு.

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேர், வொர்க்ஸ்பேஸ் கணக்கில் 2000 பேர் என்று கூகுள் உச்சவரம்பு வைத்திருக்கிறது. மெயில் மெர்ஜாக அனுப்பினால் 1500. நானூறு கடைக்கு இதெல்லாம் தாராளம். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் அனுப்பலாமா என்பது வேறு கேள்வி. பதில் எழுதுவது பற்றிக் கீழே சொல்லும்போது அதற்கு வருகிறேன்.

“ஷீட்ல A, B, Cன்னு என்னென்ன காலம் வேணும்? எங்ககிட்ட இருக்கறது பேரும் மெயிலும் மட்டும்தான்.”

அது மட்டும்தான் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். இன்ஸ்டால் செய்த பையனிடம் கேளுங்கள். எந்தக் கடையில் ரோல் பிரின்டர், எங்கே ஏ4 என்று அவன் வாயிலேயே வைத்திருப்பான். ஏஎம்சி பில்லில் கிளை எண்ணிக்கை இருக்கும். சப்போர்ட் போன் நோட்டில் யார் எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இருக்கும். இவற்றைச் சேர்த்து ஷீட்டில் ஏற்றுவதுதான் இந்த வேலையில் பாதி. கடிதம் எழுதுவது மீதிப் பாதிகூட இல்லை.

எந்தக் காலம் வேண்டும் என்பதைக் கடிதத்திலிருந்து பின்னோக்கி வந்து முடிவு செய்யுங்கள். நம் உதாரணத்தில் மாற்றங்கள் மூன்று. பிரின்டர் வகை தெரிந்தால் முதல் மாற்றத்தையும், கிளை எண்ணிக்கை தெரிந்தால் மூன்றாவதையும் சரியாக எழுதிவிடலாம். பேக்கப் எல்லாருக்கும் ஒன்று. ஆகவே A முதல் E வரை மெயில், கூப்பிடும் பெயர், ஊர், பிரின்டர், கிளை என ஐந்து காலம் போதும். பிறந்தநாள், ஜிஎஸ்டி எண், கடை தொடங்கிய வருடம் எல்லாம் இந்தக் கடிதத்துக்கு எதற்கு?

“பேரை எப்படிப் போடணும்? எங்க லிஸ்ட்ல T. Murugan, M/s ஸ்டோர்ஸ், MARY STELLA L எல்லாம் கலந்து கிடக்கு.”

பெயரை முதல் இடைவெளியில் வெட்டி முன்பாதியை எடுக்கும் பழக்கம் வெளிநாட்டுப் பெயர்களுக்குச் சரி. நம்மூர்ப் பட்டியலில் அப்படி வெட்டினால் “வணக்கம் T.” என்று போகும். “வணக்கம் M/s” என்று போனதையும் பார்த்திருக்கிறேன். மேரி ஸ்டெல்லாவை வெறும் மேரி என்று கூப்பிட்டால், அவர் வீட்டில் மேரி மூன்று பேர் இருப்பார்கள்.

அதனால் வெட்டவே வேண்டாம். “கூப்பிடும் பெயர்” என்று தனிக் காலம் போட்டு, போனில் அவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அதையே கையால் அடியுங்கள். முருகன் சார், ஸ்டெல்லா மேடம், ஹார்டுவேர்ஸ் அண்ணாச்சி என்று கடையில் நிஜமாகவே கூப்பிடுகிறீர்கள் அல்லவா, அதுதான். நானூறு பெயரை அடிக்க ஒரு மதியம் ஆகும், அடுத்த முறைக்கு அது அப்படியே இருக்கும். ஆனால் அண்ணாச்சி என்று எழுதப்போவது, அவரை அப்படிக் கூப்பிட்டுப் பழகிய ஆளாக இருக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவர் கையெழுத்தில் அண்ணாச்சி என்று போனால் நெருக்கத்துக்குப் பதில் நடிப்புதான் தெரியும். சந்தேகம் இருக்கும் இடத்தில் சார், மேடம் போதும்.

“தமிழ்ல எழுதினா ஊர் பேரு வர்ற இடம் மட்டும் ஒட்டாம நிக்குது. ‘மார்த்தாண்டம்-ல் உள்ள உங்கள் கடை’ன்னு வருது. என்ன செய்ய?”

டெம்ப்ளேட் என்பது தமிழில் வெளுத்துப்போகும் இடமே இதுதான். நம் மொழியில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டும், ஒட்டும்போது சொல்லே மாறும். மார்த்தாண்டம் மார்த்தாண்டத்தில் ஆகும், தக்கலை தக்கலையில் ஆகும், கருங்கல் கருங்கல்லில் ஆகும், குளச்சல் குளச்சலில் ஆகும். கோட்டாறு கோட்டாற்றில் ஆகும். நிரப்பும் இடத்துக்குப் பின்னால் “இல்” என்று ஒட்டி வைத்தால் இவற்றில் எதுவுமே சரியாக வராது. நடுவில் ஒரு கோடு போட்டுத் தப்பிப்பது அரசு நோட்டீஸில் செல்லும், கடிதத்தில் செல்லாது.

வழி இரண்டு. சுலபமானது, உருபைத் தாங்க இன்னொரு சொல்லை வைத்துவிடுவது. “உங்கள் மார்த்தாண்டம் கடையில்”, “உங்கள் குளச்சல் கடையில்” என்று எழுதினால் ஊர்ப் பெயர் மாறாமல் நிற்கும், உருபைக் கடை தாங்கும். ஆள் பெயருக்கு அதே வேலையை “அவர்கள்” செய்யும். “ஸ்டெல்லா அவர்களுக்கு”, “முருகன் அவர்களுக்கு” என எந்தப் பெயருக்கும் இது பொருந்தும். தக்கலைக் கடை என்று ஒற்று மிக வேண்டுமே என்று தமிழாசிரியர் யாராவது கேட்கலாம். கேட்டால் சரிதான், ஆனால் கடைக்காரர் கண்ணில் அது உறுத்தாது. “மார்த்தாண்டம்-ல்” உறுத்தும்.

இரண்டாவது வழி, உருபு சேர்ந்த வடிவத்தையே தனியாக வைத்திருப்பது. நானூறு கடை இருந்தாலும் ஊர் முப்பதைத் தாண்டாது. `oorgal` என்று ஒரு தனித் தாளில் இடது பக்கம் ஊர், வலது பக்கம் “மார்த்தாண்டத்தில்”, “குலசேகரத்தில்”, “வடசேரியில்” என்று ஒருமுறை அடித்து வையுங்கள். பிறகு பட்டியலில் இந்த ஒரு வரி:

```
=IFERROR(VLOOKUP(C2, oorgal!A:B, 2, FALSE), "")
```

முன்னால் இருக்கும் `IFERROR` அவசியம். இல்லாவிட்டால் தாளில் இல்லாத ஊருக்கு `#N/A` என்று கடிதத்துக்குள்ளேயே அச்சாகிப் போய்விடும்.

“ஆளுக்கு ஒரு கடிதம்னா நானூறு கடிதம் யார் எழுதுவா? எத்தனை வகை எழுதணும்?”

நானூறு வேண்டாம், மூன்று பத்தி போதும். பெரும்பாலானவர்கள் ஒரே கடிதத்தில் மூன்று மாற்றங்களையும் எழுதி, “உங்களுக்குப் பொருந்துவதைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று விட்டுவிடுகிறார்கள். ஏ4 பிரின்டர் வைத்திருப்பவர் ரோல் பிரின்டர் பற்றிப் படிக்கிறார். ஒரே கடை வைத்திருப்பவர் கிளைகளைப் பற்றிப் படிக்கிறார். இரண்டாவது வரியிலேயே இது தனக்கு எழுதியதல்ல என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். தனக்கு வேண்டாததைக் கடிதத்திலிருந்து எடுத்துவிடுவதும் ஆளுக்கேற்ப எழுதுவதுதான். இன்னும் சொன்னால், அதுதான் முக்கியமான பாதி.

செய்முறை இப்படி. `pathi` என்று ஒரு தாளில் மூன்று பத்தியை எழுதுங்கள். B1 கட்டத்தில் ரோல் பிரின்டர்காரருக்கு, B2 கட்டத்தில் ஏ4காரருக்கு, B3 கட்டத்தில் எது என்று தெரியாதவருக்கு. பட்டியலில் D காலம் பிரின்டர் என்றால்:

```
=IF(D2="80mm", pathi!$B$1, IF(D2="A4", pathi!$B$2, pathi!$B$3))
```

இந்தக் காலத்துக்குத் தலைப்பு `printer_pathi`. கிளைக்கும் இதே போல ஒன்று: இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் பத்தி, ஒன்று மட்டும் என்றால் வெறுமை. கடிதத்தில் நிரப்பும் இடம் இப்போது ஒரு சொல் அல்ல, முழுப் பத்தி. பத்தியை முழுதாக நீங்களே எழுதியிருப்பதால் இலக்கணம் எங்கும் முறியாது.

கவனிக்க வேண்டியது ஒன்று. யாராவது D காலத்தில் “80 mm” என்று இடைவெளி விட்டு அடித்திருந்தால் சூத்திரம் அதை ஏற்காது, மூன்றாவது பத்திக்குப் போய்விடும். அதனால் மூன்றாவது பத்தி யாருக்குப் போனாலும் தப்பாகாத மாதிரி இருக்க வேண்டும்: “ரோல் பிரின்டர் என்றால் 80mm, சாதாரண பேப்பர் என்றால் A4 என்று தேர்வு செய்யுங்கள்.”

“முடிஞ்ச கடிதம் எப்படி இருக்கும்னு ஒண்ணு காட்டுங்க.”

மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடை, தக்கலையில் அதே குடும்பத்தின் இன்னொரு கிளை, இரண்டிலும் ரோல் பிரின்டர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வரும் கடிதம்:

> ஸ்டெல்லா மேடம், வணக்கம்.
>
> வருகிற திங்கட்கிழமை காலை உங்கள் மார்த்தாண்டம் கடையில் பில்லிங் புரோகிராம் புது வெர்ஷனுக்கு மாறும். நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை.
>
> உங்களிடம் இருப்பது மூணு இஞ்ச் ரோல் பிரின்டர். முதல் பில் அடிக்கும் முன்னால் பிரின்டர் அமைப்பில் 80mm என்பதை ஒருமுறை தேர்வு செய்துவிடுங்கள். விட்டுவிட்டால் பில்லின் வலது ஓரம், அதாவது தொகை வரும் பக்கம், வெட்டுப்பட்டு வரும்.
>
> இனி தக்கலைக் கிளையில் எத்தனை பெட்டி டைல்ஸ் இருக்கிறது என்று போன் போட்டுக் கேட்க வேண்டாம். இருப்பு என்ற பக்கத்தில் இரண்டு கடையும் சேர்ந்தே தெரியும்.
>
> கடை மூடும்போது பேக்கப் தானாக நடக்கும், இன்டர்நெட் மட்டும் இருக்க வேண்டும்.
>
> திங்கள் காலை எட்டு மணியிலிருந்து நான் போன் பக்கத்திலேயே இருப்பேன். இந்த மெயிலுக்குப் பதில் எழுதினாலும் எனக்குத்தான் வரும்.

ஒரே கடை, ஏ4 பிரின்டர் என்றால் இதில் மூன்றாவது பத்தி மாறும், நான்காவது இருக்காது. அவருடைய கடிதம் பாதி நீளம்தான் வரும், வரட்டும். “தக்கலை”யும் “டைல்ஸு”ம் எங்கிருந்து வந்தன என்று கேட்பீர்கள். பல கிளைக்காரர்கள் நானூறில் முப்பதோ நாற்பதோதான் இருப்பார்கள். அவர்களுக்கு மட்டும் “மற்ற கிளை”, “பொருள்” என்று இரண்டு காலம் சேர்த்து, கிளையின் ஊரையும் டைல்ஸ், சேலை, உரம் என்று பொருளையும் கையால் அடித்துவிடலாம். நானூறு பேருக்கும் அதைச் செய்யத் தேவையில்லை.

“‘மதிப்புமிக்க வாடிக்கையாளர்’, ‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’ இதெல்லாம் மரியாதைக்குப் போட வேண்டாமா?”

அந்த வரிகளை எடுத்தால் மரியாதை குறையாது. “நீங்கள்”, “செய்யுங்கள்” என்பதிலேயே மரியாதை வந்துவிடுகிறது. அந்த வாக்கியங்கள் முதல் பத்தியைத் தின்றுவிடுகின்றன. போனில் மெயில் வரும்போது தலைப்புக்குக் கீழே முன்னோட்டமாகத் தெரிவது அந்த முதல் வரிதான். அங்கே “மகிழ்ச்சி” தெரிந்தால் திறக்க மாட்டார். “திங்கட்கிழமை காலை உங்கள் மார்த்தாண்டம் கடையில்” என்று தெரிந்தால் திறப்பார்.

“சில கடைக்கு பேரும் இல்ல, ஊரும் இல்ல. காலியா விட்டா என்னாகும்?”

“ , வணக்கம்” என்று காற்புள்ளியோடு போகும். வெறும் “வணக்கம்” என்பது நல்ல தமிழ்க் கடிதத் தொடக்கம், அதையே மாற்றாக வையுங்கள். பெயர்க் காலம் B என்றால்:

```
=IF(TRIM(B2)="", "வணக்கம்.", TRIM(B2)&", வணக்கம்.")
```

`TRIM` இருப்பதற்குக் காரணம், காலியாகத் தெரியும் கட்டத்தில் யாரோ ஸ்பேஸ் பாரைத் தட்டி வைத்திருப்பார்கள். ஊர் இல்லாதவருக்கு “உங்கள் கடையில்” என்று மட்டும் வரும்படி இதே முறையில் செய்யலாம். “அன்பு வாடிக்கையாளரே” என்று மாற்றுப் பெயர் வைக்காதீர்கள். பெயர் தெரியவில்லை என்பதை அது சத்தம் போட்டுச் சொல்லும்.

“லிஸ்ட்ல பேரு இங்கிலீஷ்ல இருக்கு, கடிதம் தமிழ்ல. மாத்திப் போடலாமா?”

கம்ப்யூட்டரிடம் மாற்றச் சொல்லாதீர்கள். Thankam என்பது தங்கமா தன்கமா என்ற கேள்வியே நமக்கு எழாது, ஆனால் கருவி தன்கம் என்று கொண்டுவந்து வைக்கும். Jeba ஜெபாவா செபாவா என்பது அவரவர் வீட்டு வழக்கம். மேலே சொன்ன “கூப்பிடும் பெயர்” காலத்தைக் கையால் அடிக்கும்போது தமிழிலேயே அடித்துவிட்டால் இந்தப் பிரச்சினை அங்கேயே முடியும். உறுதியாகத் தெரியாத பெயரை ஆங்கில எழுத்திலேயே விடலாம். தமிழ்க் கடிதத்தில் ஆங்கிலப் பெயரை யாரும் குறையாக எடுப்பதில்லை, தன் பெயரைப் பிழையாக எழுதினால் எடுப்பார்கள்.

பழைய லிஸ்ட் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், மெயிலில் தமிழாகத் தெரியாது, ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். எக்செலிலிருந்து சேமிக்கும்போதும் சாதாரண CSV வேண்டாம், `CSV UTF-8` என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

“அனுப்பறதுக்கு முன்னால எப்படிச் சரிபாக்கறது? நானூறையும் படிக்க முடியாதே.”

மோசமான பத்து வரியைத் தேடிப் படியுங்கள். பெயர்க் காலத்தை அகர வரிசையில் அடுக்கினால் விநோதமானவை எல்லாம் மேலேயும் கீழேயும் வந்து குவியும்: காலி, எண்ணில் தொடங்குவது, “M/s”, போன் நம்பர் ஏறிய கட்டம். மிக நீளமான பெயர், பட்டியலில் இல்லாத ஊர், கிளை பூஜ்யம் என்று இருப்பது, இவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மெயில் காலத்தில் மட்டும் உங்கள் முகவரியைப் போட்டு அந்தப் பத்தையும் உங்களுக்கே அனுப்பி, கம்ப்யூட்டரில் அல்ல, போனில் படியுங்கள்.

அடுக்கும்போது முழுப் பட்டியலையும் தேர்வு செய்துதான் அடுக்க வேண்டும். ஒரு காலத்தை மட்டும் அடுக்கினால் பெயர் நகர்ந்து மெயில் நகராது, நானூறு பேருக்கும் வேறொருவர் பெயர் போகும். இது நடந்திருக்கிறதா என்று பார்க்க, பட்டியலின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடத்திலும் உங்களுக்கு நேரில் தெரிந்த கடையை எடுத்துப் பெயரும் மெயிலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே உரிமையாளர் இரண்டு வரிசையில் இருந்தால் அவருக்கு இரண்டு கடிதம் போகும். அதை இப்படிக் கண்டுபிடிக்கலாம்:

```
=COUNTIF(A:A, A2)>1
```

“யார் எப்ப பில் போட்டாங்கன்னுகூட எங்களுக்குத் தெரியும். அதையும் எழுதினா இன்னும் நெருக்கமா இருக்காதா?”

இருக்காது, பயமாக இருக்கும். “நேற்று இரவு பதினொன்றரைக்கு நீங்கள் போட்ட பில்” என்று எழுதினால் புது வெர்ஷனை மறந்துவிட்டு, இவர்கள் இன்னும் என்னவெல்லாம் பார்க்கிறார்கள் என்றுதான் யோசிப்பார். விற்பனைத் தொகை, கடன் பாக்கி, வரி விவரம் எதுவும் மெயிலில் வரக்கூடாது. கடை மெயிலைக் கணக்குப்பிள்ளையும் திறப்பார், மகனும் திறப்பார்.

எனக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. அவர் உங்களிடம் சொன்னது, நீங்கள் அவர் கடைக்குப் போய்ப் பார்த்தது, இவற்றை எழுதலாம். பிரின்டர் நீங்களே மாட்டிக்கொடுத்தது, அதைச் சொன்னால் அவருக்கு ஆச்சரியமில்லை. அவருக்குத் தெரியாமல் உங்கள் சர்வர் கவனித்ததை எழுத வேண்டாம்.

“சப்ஜெக்ட்ல பேரு போட்டா திறப்பாங்களா? ‘Re:’ன்னு போட்டா?”

பொய்யான “Re:” வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மாதிரி காட்டுவது ஏமாற்று, அதை ஜிமெயிலின் விதிகளும் ஏற்பதில்லை. சப்ஜெக்டில் பெயர் போடுவதும் இப்போது விளம்பரக்காரர்கள் எல்லாரும் செய்வது. வேலையைச் சொல்லுங்கள்: “திங்கள் காலை பிரின்டரில் 80mm தேர்வு செய்யவும்”. இதுவும் பிரின்டர் வகையைப் பொறுத்து மாற வேண்டும், அதனால் பட்டியலை பிரின்டர் வகைப்படி பிரித்து, ஒவ்வொரு பிரிவையும் அதற்கான சப்ஜெக்டோடு தனியாக அனுப்புங்கள்.

“இவ்வளவு செஞ்சும் ஸ்பேம்ல போய் விழுந்தா?”

எழுத்து நன்றாக இருந்தால் மட்டும் போதாது, அனுப்பும் முகவரி உங்களுடையதுதான் என்று நிரூபணமும் வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் கெடுபிடி. யார் அனுப்பினாலும் SPF அல்லது DKIM என்ற டொமைன் சான்று இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5000க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் DMARC வேண்டும், விளம்பர மெயில் என்றால் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். உங்கள் டொமைன் வாங்கிய இடத்தில் சொன்னால் இவற்றைப் போட்டுத் தருவார்கள். நிறுவனத்தின் பெயரில் டொமைன் இருக்கும்போது தனிப்பட்ட ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்புவது வீண்.

ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுளின் கணக்கு. நானூறு பேரில் இரண்டு பேர் அந்தப் பட்டனைத் தட்டினாலே 0.5 சதவீதம். ஆகவே இரண்டு வருடமாக உங்களிடம் சேவை எடுக்காத கடைகளைப் பட்டியலிலிருந்து முதலில் எடுங்கள். படமும் பேனரும் நிறைந்த மெயிலைவிட வெறும் எழுத்தாக வரும் கடிதம் ஆள் எழுதியது போலவே தெரியும், இந்த வேலைக்கு அது போதும்.

“யார் பேர்ல அனுப்பணும்? எந்த நாள் நல்லது?”

பதில் எழுதப்போகிறவர் பெயரில். noreply என்ற முகவரியிலிருந்து “உங்கள் நலம் விரும்பி” என்று வந்தால் அதுவரை செய்த எல்லா வேலையும் வீண். கடைக்காரர்கள் பதில் எழுதினால் “சரி”, “எங்க பிரின்டர் மாத்தியாச்சு”, “ஆளை அனுப்புங்க” என்று ஒரு வரிதான் எழுதுவார்கள். அதற்கு அன்றைக்கே பதில் போக வேண்டும். ஆகவே உங்களால் ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல முடியுமோ அத்தனை பேருக்கே அன்று அனுப்புங்கள். நானூறையும் நான்கு நாளாகப் பிரித்தால் முதல் நாள் தெரியும் பிழையை இரண்டாம் நாளே திருத்தவும் முடியும்.

நாளைப் பொறுத்தவரை, ஊர் நடப்பைப் பாருங்கள். ஓணத்துக்கு முந்திய வாரம் மேற்கே மார்த்தாண்டம் பக்கம் துணிக்கடைக்காரர் மெயில் பார்க்க மாட்டார், கிறிஸ்துமஸ் வாரத்தில் யாருமே பார்க்க மாட்டார்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை. சென்னையில் இருக்கும் உங்கள் ஏஜென்சிக்கு அது தெரிந்திருக்காது.

“பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரங்க ரெண்டு பேரும் போனைக் காட்டிப் பாத்துக்கிட்டாங்க. ‘அவனுக்கு இருப்பு பாக்கற வசதி வந்திருக்கு, எனக்கு ஏன் சொல்லல?’ன்னு கேக்காரு.”

வடசேரி மாதிரி கடைகள் ஒட்டி இருக்கும் இடத்தில் இது நடக்கத்தான் செய்யும். பிரித்து எழுதும்போது மறைத்ததாகத் தோன்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வரி வையுங்கள்: “புது வெர்ஷனில் வேறு மாற்றங்களும் உண்டு, உங்கள் கடைக்கு வேண்டியதை மட்டும் எழுதியிருக்கிறேன். முழுப் பட்டியல் உதவிப் பக்கத்தில் இருக்கிறது.” இது உண்மையும்கூட. விலையை மட்டும் ஆளுக்கு ஒன்றாக மெயிலில் எழுதாதீர்கள். சலுகை கொடுப்பதென்றால் போனில் பேசிக்கொள்ளுங்கள்.

“எத்தனை பேர் திறந்தாங்கன்னு பாத்து, கடிதம் நல்லாருந்துச்சான்னு தெரிஞ்சுக்கலாமா?”

அந்த எண்ணை நம்ப முடியாது. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, ஆள் திறக்காவிட்டாலும் படத்தை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது, அது திறந்ததாகக் கணக்கில் ஏறும். நம் உதாரணத்தில் இதைவிட நல்ல அளவுகோல் இருக்கிறது. திங்கட்கிழமை “பில் வெட்டுப்பட்டு வருது” என்று எத்தனை போன் வந்தது? ரோல் பிரின்டர்காரர்களில் எத்தனை பேர் கூப்பிட்டார்கள், தெரியாதவர் பத்தி போனவர்களில் எத்தனை பேர் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது கூட்டம் அதிகமாகக் கூப்பிட்டால் கடிதத்தில் தப்பில்லை, D காலத்தில் இன்னும் விவரம் ஏற வேண்டியிருக்கிறது.

“ஒரு கூட்டத்துக்கு தப்பான பேரோட போயிருச்சு. எல்லாருக்கும் மன்னிப்பு மெயில் அனுப்பணுமா?”

தப்பாகப் போனவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். சரியாக வாங்கியவருக்கு மன்னிப்புக் கடிதம் போனால், இல்லாத குழப்பத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி. பெயர் மட்டும் மாறியிருந்தால் இரண்டு வரி போதும்: “காலையில் அனுப்பிய மெயிலில் வேறு பெயர் வந்துவிட்டது, எங்கள் பட்டியலில் நேர்ந்த தவறு. கடிதத்தில் உள்ள விவரம் உங்கள் கடைக்குச் சரியானதுதான்.” பிரின்டர் பத்தியும் சேர்ந்து மாறியிருந்தால் அந்த இரண்டு வரி போதாது, சரியான கடிதத்தை முழுதாக மறுபடி அனுப்ப வேண்டும். முதல் கடிதத்தைப் பார்க்க வேண்டாம் என்று சப்ஜெக்டிலேயே சொல்லிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்குள் போகவில்லை என்றால் மெயிலை விட்டுவிட்டுப் போனை எடுங்கள். திங்கள் காலை கடை திறக்கும்போது அவர் மெயில் பார்க்கப்போவதில்லை, பில்தான் அடிக்கப்போகிறார்.